மிதிவண்டி இருக்கையின் உயரமும் முழங்கால் வலியும்

மயிலாப்பூரிலிருந்து தியாகராய நகருக்கு நாள்தோறும் மிதிவண்டியில் வேலைக்குச் செல்லும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். சிக்னல்தோறும் நிற்க வேண்டியிருப்பதால், உட்கார்ந்தபடியே இரு பாதங்களும் தரையில் பதியும் அளவுக்கு அவர் இருக்கையைத் தாழ்த்தி வைத்துள்ளார். சில வாரங்களில் முழங்காலின் முன்புறம் வலிக்கிறது. மாடிப்படி இறங்கும்போது வலி கூடுகிறது.

வலி ஏன் வருகிறது?

இருக்கை தாழ்ந்திருந்தால் முழங்கால் அளவுக்கு மீறி மடங்கிய நிலையிலேயே பெடலை அழுத்துகிறது. அப்போது முழங்கால் சில்லு தொடை எலும்பின் மீது அதிகமாக அழுந்துகிறது. நிமிடத்திற்கு 60 சுற்று என்றால், 20 நிமிடப் பயணத்தில் இந்த அழுத்தம் ஒவ்வொரு காலிலும் 1,200 முறை நிகழ்கிறது. மாறாக, இருக்கை மிக உயர்ந்திருந்தால் கால் எட்டிப் பெடலைத் தேடும். வலி பெரும்பாலும் முழங்காலின் பின்புறம் தோன்றும்.

உயரத்தைச் சரிபார்க்கும் முறை

வழக்கமான காலணியுடன், சுவரைப் பிடித்தபடி இருக்கையில் அமருங்கள். ஒரு பெடலை அடிநிலைக்குக் கொண்டுவந்து அதன் மீது குதிகாலை வையுங்கள். கால் நேராக நீள வேண்டும்; இடுப்பு ஒருபுறம் சாயக்கூடாது. பின்னர் பாதத்தின் முன்பகுதியைப் பெடலில் வைத்தால் முழங்கால் சற்றே மடங்கியிருக்கும். இதுவே தொடக்கத்திற்கு ஏற்ற உயரம்.

மேற்கூறியவரின் இருக்கை 3 செ.மீ. தாழ்ந்திருப்பதாகக் கொள்வோம். அதனை ஒரே நாளில் உயர்த்தினால் தசைகள் பழகாமல் வேறிடத்தில் வலி தோன்றலாம். எனவே மூன்று நாள்களுக்கு ஒருமுறை 5 மி.மீ. வீதம் ஆறு முறை உயர்த்த வேண்டும். பழைய உயரத்தை இருக்கைக் கம்பியில் ஒட்டுநாடாவால் குறித்து வைப்பது நல்லது. கம்பியில் பொறிக்கப்பட்டுள்ள எல்லைக்கோடு வெளியே தெரியும் அளவுக்கு உயர்த்தாதீர்கள், கம்பி முறியக்கூடும். ஒவ்வொரு முறையும் திருகை இறுக்கிய பின், இருக்கையைக் கையால் திருப்பிப் பார்த்து, அசையவில்லை என்பதை உறுதிசெய்யுங்கள். பெடலை மிதிக்கையில் இடுப்பு இருபுறமும் ஆடினால், உயரம் கூடிவிட்டது என்று பொருள், 5 மி.மீ. இறக்குங்கள்.

சிக்னலில் நிற்பது எப்படி?

சரியான உயரத்தில் இரு பாதங்களும் தரையில் பதியாது. வண்டி நிற்கும்போது இருக்கையிலிருந்து முன்னே இறங்கி, சாலையின் இடப்புறத்தில் ஒரு காலை ஊன்றுங்கள். அடையாறு திரு.வி.க. பாலம் போன்ற ஏற்றங்களில், கியர் இல்லாத வண்டியாயின், வலி குறையும்வரை இறங்கித் தள்ளிச் செல்லலாம்.

எப்போது மருத்துவரை அணுக வேண்டும்?

சரியான உயரத்தை எட்டி இரண்டு வாரங்களாகியும் வலி குறையாவிட்டாலோ, இடையில் அதிகரித்தாலோ, அரசு மருத்துவமனையின் எலும்பு மருத்துவப் பிரிவை அணுகுங்கள். மூட்டு வீங்கினால், சிவந்து காய்ச்சலும் இருந்தால், நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டால், நடக்கையில் முழங்கால் நழுவினால், அல்லது விழுந்தபின் காலை ஊன்ற முடியாவிட்டால், இருக்கையைச் சரிசெய்து காத்திருக்காமல் உடனே சிகிச்சை பெறுங்கள்.