இருட்டில் எத்தனை சாக்ஸ் எடுக்க வேண்டும்?

புதிர்ப் பக்கத்தில் ஒரு படம்: திறந்த மேசை இழுப்பறையில் கறுப்பு 12, நீலம் 8, வெள்ளை 4 எனக் கலந்து கிடக்கும் சாக்ஸ்கள். மின்சாரம் இல்லை. ஒரே நிற ஜோடி நிச்சயம் கிடைக்கக் குறைந்தது எத்தனை எடுக்க வேண்டும்?

படத்தைப் பார்ப்பவரின் கண் முதலில் 24 என்ற மொத்தத்தில்தான் விழும். அது இங்கே தேவையே இல்லை. ஜெர்மன் கணிதவியலாளர் டிரிக்லே 1842-இல் எண் கோட்பாட்டில் பயன்படுத்திய புறாக்கூட்டுக் கொள்கை சொல்வது இவ்வளவுதான்: கூடுகளைவிடப் புறாக்கள் அதிகமானால், ஏதோ ஒரு கூட்டில் இரண்டாவது இருந்தே தீரும். இங்கே கையில் எடுக்கும் சாக்ஸ்தான் புறா; நிறம் கூடு. கூடுகள் மூன்று, எனவே விடை நான்கு.

கூட்டைத் தேர்வதில்தான் சூட்சுமம். ஒரே கூட்டில் விழும் எந்த இரண்டும் கேட்டதைத் தர வேண்டும்.

அதே படத்தில் சாக்ஸுக்குப் பதில் கையுறைகள் என்று வையுங்கள். இப்போது நிறம் கூடாகாது. இரண்டு இடக்கைக் கறுப்புகள் ஜோடி சேராது. ஒவ்வொரு இடக்கை உறையையும் அதே நிற வலக்கை உறை ஒன்றுடன் மனத்தில் இணைத்தால் 12 கூடுகள். பதின்மூன்றாவது உறை ஜோடியை உறுதியாக்கும். பன்னிரண்டு போதாது: எடுத்தவை எல்லாமே இடக்கை உறைகளாக இருக்கலாம்.

'கறுப்பு ஜோடியே வேண்டும்' என்றால் இந்தக் கொள்கை உதவாது. நீலமும் வெள்ளையுமாக 12 சாக்ஸ் முதலில் வந்துவிடலாம். அப்போது 14 எடுக்க வேண்டும்.