இறக்கையை விரித்துப் பாருங்கள்

ஒன்றரை வயது முட்டைக்கோழி ஒன்று கழுத்து மொட்டையாகி, கூண்டடியில் இறகைக் கொட்டி, முட்டையையும் நிறுத்திவிட்டால் வீட்டில் இரண்டு கேள்விகள் எழும். சீக்கு வந்துவிட்டதா? அறுத்துவிடலாமா? இரண்டுக்கும் பதில் அந்தக் கோழியின் உடம்பிலேயே இருக்கிறது.

சூன் மாதத்துக்குப் பிறகு பகல் நேரம் குறையத் தொடங்குகிறது. சென்னையில் கோடையின் நீண்ட பகலுக்கும் மார்கழிப் பகலுக்கும் சுமார் ஒன்றரை மணி நேரம் வித்தியாசம். வெளிச்சம் குறையும்போது முட்டையிடத் தூண்டும் சுரப்புகள் தணிகின்றன, முட்டைப்பை சுருங்குகிறது, தோலுக்கடியில் முளைக்கும் புது இறகு பழையதை வெளியே தள்ளுகிறது. தலை, கழுத்து, மார்பு, உடல், இறக்கை, வால் என்று பெரும்பாலும் இந்த வரிசையில்தான் இறகு உதிரும்.

நோயிலிருந்து இதைப் பிரித்தறிய, மொட்டையான இடத்தில் விரலால் மெல்லத் தடவிப் பாருங்கள். இயற்கையான உதிர்வு என்றால் முள்முள்ளாகப் புது இறகு குத்தும். முளையே இல்லாமல் தோல் சிவந்து, ஆசனவாயைச் சுற்றியுள்ள இறகுகளின் அடியில் வெள்ளையாகக் கொத்துக் கொத்தாக ஒட்டியிருந்தால் அது பேன் முட்டை. முதுகு மட்டும் மொட்டை என்றால் பெரும்பாலும் சேவல் மிதித்தது. வயிற்றடி மட்டும் என்றால், அடைக்கு உட்கார்ந்த கோழி தானே பிடுங்கிக்கொண்டிருக்கும்.

முட்டைதான் இல்லையே என்று இந்த நேரத்தில் தீவனத்தை நிறுத்திவிட்டு நொய்யை மட்டும் போடுவது பலரும் செய்வது. இறகில் பெரும்பகுதி புரதம். நொய்யிலோ புரதம் நூற்றுக்கு எட்டுப் பங்குகூட இருக்காது. அதனால் புது இறகு முளைப்பது தாமதமாகி, ஓய்வு இன்னும் நீளும். முட்டைக்கோழித் தீவனத்தில் புரதம் சுமார் 16 சதவீதம். அதில் 900 கிராமுடன் உப்பில்லாத கருவாட்டுத் தூள் 100 கிராம் கலந்தால் 19 சதவீதத்தை எட்டும். முட்டையிடும் மற்ற கோழிகளும் இதைத் தின்னலாம். அவற்றின் முட்டையில் மீன் வாடை தெரிந்தால் தூளைப் பாதியாகக் குறையுங்கள். கிளிஞ்சலைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், வேண்டிய கோழி கொத்திக்கொள்ளும். முளைக்கும் இறகுக்குள் ரத்தம் ஓடுகிறது. ஒடிந்தால் கசியும், வலிக்கும், மற்ற கோழிகளும் கொத்த வரும். ஆகவே இந்த நாட்களில் தேவையில்லாமல் பிடிக்க வேண்டாம்.

எதை வைத்துக்கொள்வது என்பதை இறக்கை சொல்லும். விரித்தால் வெளிப்புறத்தில் பத்து நீண்ட பறப்பு இறகுகள். அவற்றுக்கும் உட்புற வரிசைக்கும் நடுவே குட்டையாக ஒன்று. அந்தக் குட்டை இறகுக்கு அடுத்ததிலிருந்து வெளிப்புறமாக உதிர்வு நகரும். ஓர் இறகு முழுதாக வளர ஏறக்குறைய ஆறு வாரம். ஒரு கோழி ஆடியிலேயே தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒன்றாக உதிர்த்தால் பத்தாவது உதிர 18 வாரம், அது வளர இன்னும் ஆறு என மொத்தம் 24 வாரம். மற்றொன்று கார்த்திகை வரை முட்டையிட்டுவிட்டு, மூன்று நான்காக ஒரே சமயத்தில் உதிர்த்தால் சுமார் பத்து வாரத்தில் முடித்துவிடும். பார்க்கப் பரிதாபமாக, முக்கால் மொட்டையாக நிற்கும் இரண்டாவது கோழிதான் நல்ல முட்டைக்கோழி. ஆனால் பயம், தண்ணீர்ப் பஞ்சம், இடமாற்றம் ஆகியவற்றாலும் கழுத்து இறகு உதிரும். அதை மட்டும் வைத்துக் கோழியைக் கழிக்காதீர்கள்.

கணக்கையும் போட்டுப் பாருங்கள். நாளொன்றுக்கு 110 கிராம் வீதம் பத்து வாரத்துக்கு எட்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவாகத் தீவனம் ஆகும். ஒரு குஞ்சை முட்டைப் பருவம் வரை வளர்க்கவும் கிட்டத்தட்ட அவ்வளவே ஆகும். குஞ்சு விலையும் சாவு நட்டமும் தனி. ஓய்வுக்குப் பிறகு முட்டை பெரிதாக வரும். ஆனால் எண்ணிக்கை முதல் ஆண்டைவிட ஐந்தில் ஒரு பங்காவது குறையலாம். ஆகவே வேகமாக உதிர்க்கும் கோழிக்கு இரண்டாம் ஆண்டு கட்டுப்படியாகும். 24 வாரம் சும்மா தின்னும் கோழிக்குக் கட்டாது.

இறகு முழுதாக வந்தபின் கடைசிச் சோதனை. வாலடியில் இரண்டு இடுப்பெலும்பு முனைகளுக்கு நடுவே மூன்று விரல் நுழைந்து, ஆசனவாய் அகன்று ஈரமாக, கொண்டை சிவந்திருந்தால் முட்டை வருகிறது. மூன்று வாரம் கழித்தும் இடைவெளி ஒரு விரலாக, ஆசனவாய் சுருங்கி உலர்ந்தே இருந்தால் அந்தக் கோழியைக் கழித்துவிடலாம்.