நூறு ஸ்குவாட், பதின்மூன்று நோயாளிகள்

2011 ஜனவரியில் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக அமெரிக்கன் ஃபுட்பால் அணியினர் மூன்று வார விடுமுறை முடிந்து உடற்பயிற்சிக் கூடத்துக்குத் திரும்பினார்கள். பயிற்சியாளர்கள் அவர்களுக்காக ஒரு பழைய சோதனையை எடுத்து வைத்திருந்தார்கள். ஒரே முறை அதிகபட்சமாக எவ்வளவு எடையைத் தோளில் சுமந்து உட்கார்ந்து எழ முடியுமோ, அதில் பாதி எடையோடு நூறு ஸ்குவாட் போட வேண்டும். எத்தனை நிமிடத்தில் முடிக்கிறார்கள் என்றும் கணக்கெடுத்தார்கள். ஒருவரின் உச்சம் 200 கிலோ என்றால் 100 கிலோ கம்பியோடு நூறு முறை. மொத்தமாகக் கூட்டினால் பத்து டன். அதோடும் விடவில்லை. எடை ஏற்றிய ஸ்லெட் ஒன்றைத் தரையோடு தள்ளிக்கொண்டு போகும் வேலையும் பாக்கி இருந்தது.

அடுத்த சில நாட்களில் அணியின் 13 பேர் மருத்துவமனையில் இருந்தார்கள்.

தொடை வலி எல்லோருக்கும் இருந்தது. கால் தினத்துக்கு மறுநாள் மாடிப்படி இறங்கத் தெரியாமல் தவிக்கிற அந்த வலியை ஜிம்முக்குப் போகிற யாரும் அறிவார்கள். இவர்களுக்கு வந்தது வேறு மாதிரி. தொடை வீங்கி இறுகியது, முழங்காலை மடக்க முடியவில்லை, சிறுநீர் கோலா நிறத்தில் போனது. மருத்துவர்கள் இதை ராப்டோமயோலைசிஸ் என்கிறார்கள், சுருக்கமாக ராப்டோ. தசை நார்கள் உடைந்து, உள்ளே இருந்தவை ரத்தத்தில் கொட்டிவிடும் நிலை.

தசை ஒவ்வொரு முறை சுருங்கி விரிவதற்கும் ஏடிபி என்ற எரிபொருள் வேண்டும். நாரின் உள்ளே கால்சியம் தேங்கிவிடாமல் வெளியேற்றும் பம்புகளும் அதில்தான் ஓடுகின்றன. எரிபொருள் தீரத் தீர அந்தப் பம்புகள் தளர்ந்து, உள்ளே கால்சியம் ஏறி, புரதங்களை அரிக்கும் என்சைம்கள் விழித்துக்கொள்ளும். கடைசியில் நாரின் மேலுறை கிழியும். எடையைத் தாங்கிக்கொண்டு மெல்லக் கீழே இறங்கும்போது தசை நீண்டபடியே இழுபடுவதால் சேதம் இன்னும் கூடுகிறது. ஸ்குவாட்டில் பாதி வேலை இந்த இறக்கம்தான்.

உடைந்த நாரிலிருந்து வெளிவருவதில் மூன்று முக்கியம். ஒன்று மையோகுளோபின், சிறுநீரின் நிறத்தை மாற்றுவதும் சிறுநீரகத்தின் நுண்குழாய்களை அடைப்பதும் இதுதான். இரண்டாவது பொட்டாசியம், ரத்தத்தில் அது ஏறினால் இதயத் துடிப்பு தடுமாறும், முதல் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாவதும் இதனால்தான். மூன்றாவது சிகே என்ற என்சைம். அது யாரையும் துன்புறுத்துவதில்லை, எவ்வளவு தசை உடைந்தது என்று காட்டிக்கொடுப்பதோடு சரி. சாதாரணமாக லிட்டருக்கு 200 யூனிட்டை ஒட்டி இருக்கும் இந்த அளவு 5,000-ஐத் தாண்டினால் சிறுநீரகத்தைப் பற்றி மருத்துவர்கள் கவலைப்படத் தொடங்குவார்கள். அயோவா வீரர்களுக்கு அது ஒரு லட்சம், அதற்கும் மேல் என்ற கணக்கில் போனது. பயிற்சி முடிந்த அன்றே சிகே உச்சத்தைத் தொடுவதில்லை, ஒன்றிலிருந்து மூன்று நாள் வரை ஏறும். அன்று மாலை நன்றாக இருந்தவர் மூன்றாம் நாள் வந்து படுப்பது அதனால்தான்.

கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. சிறுநீரில் தோய்க்கும் பட்டை ரத்தம் இருப்பதாகச் சொல்லும். நுண்ணோக்கியில் பார்த்தால் சிவப்பணுக்களைக் காணோம். பட்டை ஏமாந்தது மையோகுளோபினைப் பார்த்து. சிகிச்சையில் பெரிய மர்மம் ஏதும் இல்லை. நிறைய சலைன் ஏற்றி, சிறுநீர் தாராளமாகப் பிரிய வைத்து, பொட்டாசியத்தைக் கண்காணிப்பார்கள். இந்த வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகளைப் போட்டுக்கொள்வது, ஏற்கனவே திணறும் சிறுநீரகத்துக்கு மேலும் ஒரு சுமை. அயோவாவின் 13 பேரும் குணமாகி வீடு திரும்பினார்கள்.

அதற்குள் வெளியே ஒரு கேள்வி சுற்றத் தொடங்கியிருந்தது: பையன்கள் என்ன சாப்பிட்டார்கள்? இது புதிதல்ல. அதற்கு முந்தைய ஆகஸ்டில் ஓரிகன் மாநிலத்தின் மெக்மின்வில் நகரப் பள்ளி மாணவர்கள் கைத்தசைப் பயிற்சிக்குப் பிறகு இதேபோல மருத்துவமனைக்குப் போனபோதும் முதல் சந்தேகம் கிரியேட்டின் மீதுதான் விழுந்தது. இன்னும் பின்னால் போனால் 1997 இறுதியில் மூன்று அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த வீரர்கள் சில வார இடைவெளியில் இறந்தார்கள். அப்போதும் கிரியேட்டின்தான் என்றார்கள். விசாரணையில் தெரிந்தது வேறு. போட்டிக்கு முன் எடை குறைப்பதற்காக, வியர்வை வெளியேறாத ரப்பர் உடையைப் போட்டுக்கொண்டு, சூடான அறையில், தண்ணீர் குடிக்காமல் உடற்பயிற்சி செய்திருந்தார்கள்.

கிரியேட்டின் நம் உடம்பு தானே தயாரிக்கும் பொருள், நாளைக்கு சுமார் ஒரு கிராம். மீனும் இறைச்சியும் சாப்பிடுகிறவர்களுக்கு இன்னொரு கிராம் உணவிலிருந்து கிடைக்கும். தசைக்குள் அதன் வேலை, தீர்ந்துபோன ஏடிபியை நொடிகளில் மீண்டும் நிரப்புவது. டப்பாவில் விற்கும் பொடியை நாளைக்கு மூன்று முதல் ஐந்து கிராம் எடுப்பவருக்குக் கடைசி இரண்டு ரெப் கொஞ்சம் கைகூடும், தசைக்குள் நீர் சேர்ந்து ஆரம்பத்தில் ஓரிரு கிலோ எடை கூடும். கிரியேட்டின் எடுத்தவர்களையும் எடுக்காதவர்களையும் கடும் பயிற்சிக்குப் பின் ஒப்பிட்ட ஆய்வுகளில், அது தசைச் சேதத்தைக் கூட்டியதாகத் தெரியவில்லை. பொடி எடுத்துக்கொண்டிருந்த ஒருவருக்கு ராப்டோ வந்தது என்ற தனித்தனி மருத்துவக் குறிப்புகள் இருக்கின்றன. ஆனால் அவற்றில் பெரும்பாலும் கடும் பயிற்சியும் கூடவே இருந்தது. எது காரணம் என்பதை ஒற்றை நோயாளியை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது.

அயோவா பல்கலைக்கழகம் அமைத்த குழுவும் மருந்து, சத்துப்பொருள் என எல்லாவற்றையும் துருவிப் பார்த்துவிட்டு, அந்த உடற்பயிற்சியே காரணம் என்று முடித்தது. அதே அணியில் எல்லோரும் அதே நூறு ஸ்குவாட்டைத்தான் செய்தார்கள். படுத்தவர்கள் சிலர் மட்டும். பின்னர் அதை ஆராய்ந்தவர்கள் கண்ட வித்தியாசம் இது: தசை இனி எழாது என்று கைவிட்ட பிறகும் தொடர்ந்தவர்களுக்கே ஆபத்து கூடுதல். விடுமுறையும் சேர்ந்துகொண்டது. பழகிய பயிற்சிக்குத் தசை ஒரு பாதுகாப்பை வளர்த்துக்கொள்ளும், சில வாரம் விட்டால் அது தேயும். உடல் வலுவோ அப்படியே இருப்பதாக மனம் நம்பும். இருபது வயது விளையாட்டு வீரருக்கு, பயிற்சியாளர் கடிகாரத்தோடு நிற்கும்போது, பாதியில் கம்பியைக் கீழே வைப்பது சாமானியம் அல்ல. என் பார்வையில் அந்தக் கடிகாரம்தான் டப்பாவைவிடப் பெரிய சந்தேகத்துக்குரியது.

கிரியேட்டினுக்கு முழு விடுதலை தந்துவிடவும் முடியாது. ஏற்கனவே சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. 'ப்ரீ-வொர்க்கவுட்' என்று விற்கும் கலவைகளில் கிரியேட்டினோடு காஃபீனும் வேறு தூண்டிகளும் இருக்கும். களைப்பு தெரியாமல் செய்யும் அவற்றைத் தனிக் கிரியேட்டினோடு ஒரே கணக்கில் சேர்க்கக்கூடாது. ஸ்டேடின் மாத்திரை எடுப்பவர்கள், சிக்கிள் செல் மரபு உள்ளவர்கள், காய்ச்சலோடு ஜிம்முக்குப் போகிறவர்கள் ஆகியோருக்குப் பொடி இல்லாமலே ஆபத்து அதிகம்.

பரிசோதனை அறிக்கையிலும் ஒரு குழப்பம் காத்திருக்கிறது. கிரியேட்டின் உடம்பில் சிதைந்து கிரியேட்டினினாக மாறும். சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க அளப்பதும் அதையேதான். ஆகவே பொடி எடுப்பவருக்குச் சிறுநீரகம் நன்றாக இருக்கும்போதே அந்த எண் சற்று கூடுதலாகக் காட்டக்கூடும். நிறம் மாறாத சிறுநீர், சாதாரண சிகே, லேசாகக் கூடிய கிரியேட்டினின் என்றால் அது பொடியின் வேலையாக இருக்கலாம். கிரியேட்டின் சம்பந்தப்படாத சிஸ்டாட்டின் சி என்ற பரிசோதனையால் அதை உறுதிசெய்துகொள்ளலாம். சிகே ஆயிரக்கணக்கில் ஏறி, கிரியேட்டினினும் கூடிக்கொண்டே போனால் பொடியைக் காரணம் காட்டிக் காலம் கடத்தக்கூடாது. இரண்டையும் பிரித்தறிய வேண்டிய மருத்துவருக்கு, எந்த டப்பாவிலிருந்து எத்தனை கிராம், எத்தனை நாளாக என்ற விவரம் முதல் கேள்வியிலேயே தெரிய வேண்டும்.