வேறுபாடு எந்தத் தேதியில் பிறந்தது?

மதுரையில் பிவிசி பைப் விற்கும் ஒரு கடை என்று வைத்துக்கொள்வோம். ஜூன் முடிந்ததும் பைப் கம்பெனியிடமிருந்து கணக்கு அறிக்கை வருகிறது. ஜூன் 30 நிலவரப்படி கடை தர வேண்டிய பாக்கி 1,94,000 ரூபாய் என்கிறது அறிக்கை. கடையின் பேரேட்டில் அதே கம்பெனியின் கணக்கு 1,24,500 ரூபாயில் நிற்கிறது. வேறுபாடு 69,500.

இந்த மாதிரி நேரத்தில் பெரும்பாலான கடைகளில் நடப்பது ஒன்றுதான். 69,500 ரூபாய்க்கு ஒரு பில் விட்டுப்போயிருக்கும் என்று நினைத்து பில் ஃபைலைப் புரட்டுவார்கள். அந்தத் தொகையில் பில்லே கிடைக்காது. பிறகு இரண்டு பக்கத்திலிருந்தும் போன் பேசி, ஆளுக்கொரு தொகை சொல்லி, கடைசியில் "அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிவைப்பார்கள்.

இருப்பாய்வு எடுத்துப் பார்த்தாலும் இது தெரியாது. பற்று மொத்தமும் வரவு மொத்தமும் சமமாக இருக்கின்றனவா என்றுதான் இருப்பாய்வு பார்க்கும். ஒரு கொள்முதல் பில்லைப் பதிவு செய்யவே மறந்துவிட்டால், கொள்முதல் கணக்கின் பற்றிலும் அது ஏறவில்லை, கம்பெனிக் கணக்கின் வரவிலும் ஏறவில்லை. இரண்டு பக்கமும் ஒரே அளவு குறைவதால் மொத்தம் பொருந்தியே நிற்கும். பிளஸ் ஒன் கணக்குப்பதிவியல் பாடத்தில் இதை விடு பிழை என்பார்கள். முழுதாக விடுபட்ட பதிவை இருப்பாய்வு காட்டாது என்பதும் அதே பாடத்தில் இருக்கிறது.

இதைக் காட்டிக்கொடுப்பது பேரேட்டின் கடைசிப் பத்தி. ஒவ்வொரு பதிவுக்கும் பிறகு பாக்கி எவ்வளவு என்று வரிக்கு வரி எழுதும் நடப்பு இருப்புப் பத்தி அது. கம்பெனி அனுப்பும் அறிக்கையிலும் பெரும்பாலும் அதே பத்தி இருக்கும். இரண்டையும் தேதிவாரியாகப் பக்கத்தில் வைத்தால் போதும். நம் கடையின் கணக்கு உதவியாளர் அதைச் செய்து மேலாளருக்கு எழுதும் குறிப்பு இப்படி இருக்கும்:

---

வணக்கம் சார்,

பைப் கம்பெனிக் கணக்கில் உள்ள 69,500 ரூபாய் வேறுபாட்டைப் பார்த்துவிட்டேன். இரண்டு பக்க இருப்பையும் தேதி வரிசையில் கீழே எழுதியிருக்கிறேன். பில் வந்தால் நம் பாக்கி கூடும், பணம் கொடுத்தால் குறையும்.

| தேதி | விவரம் | நம் பேரேட்டில் | கம்பெனி அறிக்கையில் | வேறுபாடு |
|---|---|---|---|---|
| ஜூன் 1 | ஆரம்ப இருப்பு | 1,84,000 | 1,84,000 | 0 |
| ஜூன் 4 | பில் 62,500 | 2,46,500 | 2,46,500 | 0 |
| ஜூன் 8 | வங்கி வழி அனுப்பியது 1,00,000 | 1,46,500 | 1,46,500 | 0 |
| ஜூன் 13 | பில் 38,400 | 1,84,900 | 1,84,900 | 0 |
| ஜூன் 17 | பில் 29,500 (அவர்களிடம் மட்டும்) | 1,84,900 | 2,14,400 | 29,500 |
| ஜூன் 20 | காசோலை 75,000 (நம்மிடம் மட்டும்) | 1,09,900 | 2,14,400 | 1,04,500 |
| ஜூன் 24 | அதே காசோலை, அவர்கள் பதிந்தது | 1,09,900 | 1,39,400 | 29,500 |
| ஜூன் 26 | பில் 54,600 | 1,64,500 | 1,94,000 | 29,500 |
| ஜூன் 29 | காசோலை 40,000 (நம்மிடம் மட்டும்) | 1,24,500 | 1,94,000 | 69,500 |

ஜூன் 13 வரை ஒரு ரூபாய்கூட வித்தியாசம் இல்லை. 17ஆம் தேதி தொடங்கிய 29,500 மாதக் கடைசி வரை போகவில்லை. அந்தத் தேதியில் அவர்கள் போட்ட பில் நம் பேரேட்டில் இல்லை. மீதி 40,000 நாம் 29ஆம் தேதி அனுப்பிய காசோலை, அவர்கள் இன்னும் வரவு வைக்கவில்லை.

17ஆம் தேதி சரக்கு வந்ததா என்று குடோனில் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அது உறுதியாகும் வரை பில்லைப் பதிய வேண்டாம் என்று நினைக்கிறேன். நீங்கள் சொன்னபடி செய்கிறேன்.

---

இந்தக் குறிப்பில் முதலில் பார்க்க வேண்டியது வேறுபாடு பூஜ்யமாக இருக்கும் வரிகளை. ஜூன் 13 அன்று இரண்டு இருப்பும் 1,84,900 என்று ஒத்துப்போகின்றன. அதற்கு முந்தைய பில்களையும் பணப் பட்டுவாடாவையும் மறுபடி சரிபார்க்கத் தேவையில்லை என்றே வைத்துக்கொள்ளலாம். ஒரு மாதத்து ஃபைலில் தேட வேண்டிய வேலை, 13க்கும் 17க்கும் இடைப்பட்ட நான்கு நாளுக்குச் சுருங்கிவிடுகிறது. ஆரம்ப இருப்பே ஒத்துப்போகவில்லை என்றால் கோளாறு இந்த மாதத்தில் இல்லை. முந்தைய மாத அறிக்கையை எடுத்து, கடைசியாக எங்கே ஒத்துப்போனது என்று பின்னோக்கிப் போக வேண்டும்.

அடுத்து, வேறுபாட்டின் நடத்தை. 20ஆம் தேதி அது 1,04,500 ஆகத் தாவுகிறது. நாம் காசோலையை எழுதிய அன்றே பதிந்துவிட்டோம், கம்பெனி அது கைக்கு வந்த பிறகு 24ஆம் தேதி பதிந்தது. அன்றே வேறுபாடு பழையபடி 29,500க்கு இறங்கிவிட்டது. இப்படி ஏறி, சில நாளில் அதே அளவு இறங்குவது வெறும் கால இடைவெளி, அதில் பிழை எதுவும் இல்லை. விடுபட்ட பதிவின் குணம் வேறு. ஒரு தேதியில் ஏறியது பிறகு எத்தனை பில் வந்தாலும், எத்தனை முறை பணம் கொடுத்தாலும் அப்படியே நிற்கும். 17ஆம் தேதி வந்த 29,500 அந்த ரகம்.

69,500 என்று தேடியவர்களுக்கு ஏன் எதுவும் சிக்கவில்லை என்பதும் இங்கே புரியும். கடைசி வரியின் வேறுபாடு, பாதி வழியில் இருக்கும் 40,000 காசோலையும் விடுபட்ட 29,500 பில்லும் சேர்ந்த கூட்டுத்தொகை. இறுதி இருப்பை மட்டும் ஒப்பிட்டால் இரண்டும் ஒன்றாய்க் கலந்தே தெரியும். வரிக்கு வரி ஒப்பிட்டால் ஒவ்வொன்றும் தன் தேதியில் தனித்தனிப் படியாக நிற்கும்.

இருப்புப் பத்தி இடத்தைக் காட்டும், காரணத்தைச் சொல்லாது. கம்பெனி அறிக்கையில் ஒரு பில் இருப்பதாலேயே அது நம் கடனாகிவிடாது. சரக்கு வேறு கடைக்குப் போய் நம் பெயரில் பில் விழுந்திருக்கலாம். அதனால்தான் உதவியாளர் உடனே பதியாமல் குடோனில் கேட்கிறார். ஆர்டர் கொடுத்தோமா, சரக்கு இறக்கியதற்குக் கையெழுத்திட்ட டெலிவரி சலான் இருக்கிறதா, பில் வேறு பெயருள்ள சப்ளையர் கணக்கில் தவறி ஏறியிருக்கிறதா என்று மூன்றையும் பார்க்க வேண்டும். மூன்றாவது நடந்திருந்தால் அந்தச் சப்ளையரின் கணக்கு அதே 29,500 ரூபாய் அதிகம் காட்டும். ஜிஎஸ்டி தளத்தில் கடைக்கு வரும் GSTR-2B பட்டியல் இன்னொரு சாட்சி. கம்பெனி தன் விற்பனை விவரத்தைத் தாக்கல் செய்திருந்தால், ஜூன் மாத பில் ஜூலை 14 அன்று உருவாகும் பட்டியலில் தெரியும்.

நம் கதையில் சரக்கு குடோனுக்கே வரவில்லை. வாடிக்கையாளர் வீடு கட்டும் இடத்தில் லாரி நேராக இறக்கிவிட்டது. பில் மேஸ்திரியிடம் தங்கிவிட்டது. கடை அந்தப் பைப்புக்கு வாடிக்கையாளருக்கு விற்பனை பில் போட்டுவிட்டது, கொள்முதல் பில்தான் ஏறவில்லை. அப்படியானால் கடையின் சொந்தப் பதிவேட்டிலேயே ஒரு தடயம் இருந்திருக்கும். அந்த அளவு பைப்பின் சரக்கு இருப்பு வந்ததைவிட விற்றது அதிகமாகி, மைனஸில் போயிருக்கும். இல்லாத பைப்பை யாரும் விற்க முடியாது. ரொக்கப் பதிவேட்டிலும் இதே சட்டம்தான். ஒரு நாள் கையிருப்பு மைனஸ் 3,200 என்று காட்டினால், அதற்கு முன் ஏதோ ஒரு வரவு பதியப்படவில்லை, அல்லது ஒரு செலவு கூடுதலாக ஏறியிருக்கிறது. வெளியிலிருந்து ஒப்பிட எந்த அறிக்கையும் இல்லாதபோது, இருப்புப் பத்தி தானாகவே தவறைக் காட்டுவது இப்படி மைனஸ் விழும்போது மட்டுமே. இருப்பு நிறைய இருக்கும் நாளில் அதே பதிவு விடுபட்டால் சத்தமே கேட்காது.

பத்தியும் சில நேரம் பொய் சொல்லும். கணினியில் எக்செல் தாளில் பேரேடு வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வரவு C பத்தியிலும், பற்று D பத்தியிலும், இருப்பு E பத்தியிலும் இருந்தால், சப்ளையர் கணக்கில் ஒவ்வொரு வரிக்கும் சூத்திரம் இப்படி இருக்கும்:

```
=E2+C3-D3
```

விட்டுப்போன பில்லை நடுவில் ஒரு புது வரி நுழைத்து எழுதினால், கீழே உள்ள வரியின் சூத்திரம் புது வரியைத் தாண்டி பழைய வரியின் இருப்பையே பிடித்துக்கொண்டிருக்கும். பில் தாளில் கண்ணுக்குத் தெரியும், இருப்பில் சேராது. அதனால் புது வரியிலிருந்து கடைசி வரை சூத்திரத்தை மறுபடி இழுத்துவிட வேண்டும். பிறகு ஆரம்ப இருப்போடு வரவு மொத்தத்தைக் கூட்டி, பற்று மொத்தத்தைக் கழித்து, அது கடைசி வரி இருப்புக்குச் சமமா என்று பார்க்க வேண்டும்.

சரக்கு இறங்கியது உறுதியானதும் உதவியாளர் பில்லைப் பதிகிறார். பைப்புக்கு 18 சதவீத ஜிஎஸ்டி என்பதால் 29,500இல் சரக்கின் விலை 25,000, வரி 4,500. கொள்முதல் கணக்கில் 25,000 பற்று, உள்ளீட்டு வரிக் கணக்கில் 4,500 பற்று, கம்பெனிக் கணக்கில் 29,500 வரவு. பில் விடுபட்டே போயிருந்தால் கடைக்குத் திரும்பக் கிடைக்க வேண்டிய 4,500 ரூபாய் வரியும் கணக்கில் வராமல் போயிருக்கும். லாபமும் 25,000 கூடுதலாகத் தெரிந்திருக்கும், ஏனென்றால் அந்தப் பைப்பை விற்ற வரவு ஏறிவிட்டது, வாங்கிய செலவு ஏறவில்லை.

இனி மேலாளர் எவ்வளவு பணம் அனுப்ப வேண்டும்? அறிக்கையை நம்பி 1,94,000 அனுப்பினால், ஏற்கெனவே அனுப்பிய 40,000 இரண்டாம் முறை போகும். பழைய பேரேட்டை நம்பி 1,24,500 அனுப்பினால், 29,500 பாக்கி நின்று கம்பெனி அடுத்த லோடை நிறுத்திவைக்கலாம். பில்லைச் சேர்த்த பிறகு பேரேட்டில் நிற்பது 1,54,000. அறிக்கையின் 1,94,000இலிருந்து வழியில் இருக்கும் 40,000 காசோலையைக் கழித்தாலும் அதே 1,54,000. இரண்டு வழியிலும் ஒரே தொகை வருவதால், மேலாளர் அந்தத் தொகைக்குக் கையெழுத்திடலாம்.