நேரில் போகாத தணிக்கை: சான்று யார் கை வழியாக வந்தது?

தொலைதூரத் தணிக்கை என்பது, ஒரு நிறுவனத்தின் கணக்குகளைச் சரிபார்க்கும் களப்பணியை அங்கே போகாமலே செய்து முடிப்பது. ஆவணங்கள் இணையம் வழியாக வருகின்றன. ஊழியர் தன் கணினித் திரையைப் பகிர்ந்து வேலையைச் செய்து காட்டுகிறார். சரக்கு இருப்பு கேமராவில் எண்ணப்படுகிறது. இந்தியாவில் 2020 மார்ச் ஊரடங்கு நிதியாண்டு முடிகிற நேரத்தில் வந்தது. கிடங்குகளில் நின்று சரக்கு எண்ண வேண்டிய மார்ச் 31 அன்று தணிக்கையாளர்கள் வீட்டிலிருந்தார்கள். அப்போது வேறு வழியின்றிக் கைக்கொண்ட முறை, பயணச் செலவும் நேரமும் மிச்சமாவதால் பிறகும் தொடர்கிறது.

நேரில் போகும் தணிக்கையாளர் அலமாரியில் உள்ள கோப்புகளில் தனக்குப் பிடித்த ஒன்றைத் தானே உருவிப் பார்க்கலாம். தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு ஒவ்வொரு தாளையும் யாரோ ஒருவர் எடுத்து, ஸ்கேன் செய்து, அனுப்பி வைக்கிறார். அந்த ஒருவர் பெரும்பாலும் தணிக்கைக்கு உட்படும் நிறுவனத்தின் ஊழியர். தணிக்கைச் சான்று பற்றிய இந்தியத் தரநிலையான எஸ்.ஏ. 500 இந்த இடத்தில் தெளிவாக இருக்கிறது. நிறுவனத்துக்கு வெளியே உள்ள சுதந்திரமான மூலத்திலிருந்து வரும் சான்று அதிக நம்பகமானது. தணிக்கையாளர் நேரடியாகப் பெற்றது, பிறர் வழியாகப் பெற்றதைவிட மேல். மூல ஆவணம், நகலையும் ஸ்கேன் செய்த படத்தையும்விட மேல். தொலைதூரத்தில் மூன்றாவது படி கிட்டத்தட்ட முழுவதுமாகப் போய்விடுகிறது. அதனால் முதல் இரண்டையும் இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஆவணங்களைப் பெறுவதிலிருந்தே இது தொடங்குகிறது. மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப்பிலும் துண்டுதுண்டாக வரும் கோப்புகள் இரண்டு விதத்தில் ஆபத்தானவை: சம்பளப் பட்டியலும் வங்கி விவரமும் தவறான கைக்குப் போகலாம்; எது எப்போது யாரிடமிருந்து வந்தது என்ற தடமும் கலைந்துவிடும். எனவே தணிக்கை நிறுவனம் தன் கட்டுப்பாட்டில் ஒரு பாதுகாப்பான பகிர்வுத் தளத்தை அமைத்துக்கொள்வது நல்லது. அதற்குள் நுழைய இரட்டைச் சரிபார்ப்பு வேண்டும். ஆளுக்கேற்ற அனுமதி வேண்டும். யார், எந்த நேரத்தில், எதைப் பதிவேற்றினார் என்பது தானாகப் பதிவாக வேண்டும். வந்த கோப்பு பின்னால் மாற்றப்படவில்லை என்று காட்ட, பெற்ற அன்றே அதன் ஹேஷ் மதிப்பைக் கணக்கிட்டுப் பணித்தாளில் குறித்து வைக்கலாம். விண்டோஸ் கணினியில் அதற்கு ஒரு வரி போதும்:

```
certutil -hashfile bank_statement.pdf SHA256
```

கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் இந்த மதிப்பு மாறிவிடும். ஆனால் ஹேஷ் சொல்வது கோப்பு வந்த பிறகு என்ன நடந்தது என்பதை மட்டுமே. வருவதற்கு முன்பே திருத்தப்பட்டிருந்தால் அது எதையும் காட்டாது.

அதைக் கண்டுபிடிக்கக் கோப்பின் வடிவத்தைக் கவனிக்க வேண்டும். வங்கி மென்பொருளிலிருந்து இறங்கிய பி.டி.எஃப். கோப்பில் எழுத்தைத் தேர்ந்தெடுத்து நகலெடுக்க முடியும். அதன் பண்புகளைத் திறந்தால், உருவாக்கிய மென்பொருளும் நாளும் தெரியும். அதே கோப்பை அச்சடித்து மறுபடி ஸ்கேன் செய்து அனுப்பினால் இந்தத் தடயங்கள் அழிந்துவிடும். கணினியிலேயே இருக்கும் ஓர் ஆவணம் ஏன் ஸ்கேனாக வருகிறது என்று கேட்பது தணிக்கையாளரின் கடமை. ‘வசதிக்காக’ என்ற பதிலும் உண்மையாக இருக்கலாம். அப்போதும் மூலக் கோப்பை வாங்கிவிட வேண்டும். ஒரு திருத்தும் மென்பொருளின் பெயர் பண்புகளில் தெரிந்தால் மட்டும் அது மோசடி ஆகிவிடாது. பக்கங்களை இணைக்கவும் அதைப் பயன்படுத்தியிருக்கலாம். அது மேலும் விசாரிக்க ஒரு காரணம், அவ்வளவே.

அடுத்தது திரைப் பகிர்வில் நடக்கும் நடைமுறைச் சோதனை. ஒரு கொள்முதலோ விற்பனையோ தொடக்கம் முதல் முடிவு வரை எப்படிப் பயணிக்கிறது என்பதை, அந்த வேலையை அன்றாடம் செய்பவரே செய்து காட்டுவது இது. மேலாளர் விளக்கப்படம் வைத்துச் சொல்வதைக் கேட்டுக்கொள்வது இதற்கு ஈடாகாது. விசாரித்துக் கேட்டது மட்டுமே ஒரு கட்டுப்பாடு வேலை செய்கிறது என்பதற்குச் சான்றாக முடியாது.

இங்கே சில ஒழுங்குகள் உதவுகின்றன. எந்தப் பரிவர்த்தனையைக் காட்ட வேண்டும் என்பதைத் தணிக்கையாளர் முன்கூட்டிச் சொல்லாமல் இணைப்பில் வந்த பிறகே சொல்ல வேண்டும். ஒரு சன்னலை மட்டும் பகிராமல் முழுத்திரையையும் பகிரச் செய்ய வேண்டும். முகவரிப் பட்டை, கணினியின் நாள், நேரம், உள்நுழைந்த பயனரின் பெயர் எல்லாம் கண்ணில் பட வேண்டும். மென்பொருளின் முகப்பிலிருந்து தொடங்கினால், காட்டப்படுவது உண்மையான கணக்குத் தளமா, பயிற்சிக்கான சோதனைத் தளமா என்பது தெரிந்துவிடும். அறிக்கை எடுக்கும்போது எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை, எந்தக் கிளை, எந்த வடிகட்டி என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு கிளையை வடிகட்டி மறைத்த அறிக்கையும் முழுமையானதைப் போலவே தோன்றும். அதனால் அறிக்கையின் மொத்தத்தை இருப்பாய்வுப் பட்டியலோடு அந்த இணைப்பிலேயே ஒப்பிட்டு, அங்கேயே ஏற்றுமதி செய்து வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்ளலாம். கோயம்புத்தூரில் பம்ப்செட் தயாரிக்கும் ஒரு நிறுவனம், சென்னையில் தணிக்கையாளர். மார்ச் 30 தேதியிட்ட ₹18 லட்சம் விற்பனை ஒன்று, வெளிமாநில வாடிக்கையாளருக்கு. அனுப்பி வைத்த இன்வாய்ஸ் நகலில் எந்தக் குறையும் இல்லை: எண் வரிசையில் இருக்கிறது, வரி சரியாக இருக்கிறது, கையெழுத்தும் முத்திரையும் இருக்கின்றன. தாளோடு நின்றிருந்தால் இந்த விற்பனை அந்த ஆண்டின் வருமானமாகத் தேறியிருக்கும்.

தணிக்கையாளர் திரையில் அந்தப் பதிவைத் திறக்கச் சொல்லி, அதன் திருத்த வரலாற்றைக் கேட்கிறார். 2023 ஏப்ரல் 1 முதல் இந்திய நிறுவனங்கள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருள், ஒவ்வொரு பதிவையும் எப்போது போட்டார்கள், எப்போது மாற்றினார்கள் என்ற தடத்தை அணைக்க முடியாதபடி வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். பதிவு போட்ட நாள் ஏப்ரல் 3 என்று வருகிறது. இது தாமதமான பதிவாகவும் இருக்கலாம். எனவே அடுத்து மின் இன்வாய்ஸின் கியூ.ஆர். குறியைத் தன் கைபேசியில் சரிபார்க்கிறார். அரசுத் தளம் மின்கையொப்பமிட்டுத் தருகிற குறி என்பதால், அதற்குள் இருக்கும் விவரங்களை நிறுவனம் மாற்ற முடியாது. அந்த இன்வாய்ஸ் தளத்தில் பதிவான நாளும் ஏப்ரல் 3. பிறகு ஊழியரை இ-வே பில் தளத்துக்குள் நுழையச் சொல்லிப் பார்க்கிறார். லாரி எண் சேர்த்த நாள் ஏப்ரல் 4.

இந்த ஆவணங்களில் ஒன்றுகூடப் போலி இல்லை. சரக்கு உண்மையானது, வாடிக்கையாளரும் உண்மை. ஆனால் சரக்கு தொழிற்சாலை வாசலைத் தாண்டியது ஆண்டு முடிந்த பிறகு. அனுப்பும்போதுதான் உரிமை கைமாறும் என்று ஒப்பந்தம் சொன்னால், இந்த ₹18 லட்சம் அடுத்த ஆண்டின் விற்பனை. நேரில் போயிருந்தால் வாசல் பதிவேட்டில் தெரிந்திருக்கக்கூடிய உண்மை இது. தொலைவிலிருந்து அதைக் கண்டுபிடித்துத் தந்தவை, நிறுவனத்தின் கை படாத இரண்டு அரசுத் தளங்கள். நல்ல தொலைதூரத் தணிக்கை இப்படித்தான் அமைகிறது. ஸ்கேன் எவ்வளவு தெளிவு என்பதில் நேரம் செலவழிக்காமல், அதே நிகழ்வு வேறு யாரிடம் பதிவாகியிருக்கும் என்று தேடிப் போகிறது.

வங்கி இருப்பில் இந்தத் தேடல் இன்னும் கடுமையாக இருக்க வேண்டும். எஸ்.ஏ. 505 தரநிலைப்படி, உறுதிக் கடிதம் கேட்பதும் பதில் பெறுவதும் தணிக்கையாளரின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். ஹைதராபாத்தைச் சேர்ந்த சத்யம் நிறுவனத்தில் ₹5,040 கோடி ரொக்கமும் வங்கி இருப்பும் இல்லவே இல்லை என்பது 2009 ஜனவரியில் அதன் தலைவர் எழுதிய கடிதத்தில் வெளிப்பட்டது. தணிக்கையாளர்கள் வங்கி உறுதிக் கடிதங்களை அனுப்புவதையும் பெறுவதையும் சத்யம் நிர்வாகத்திடமே விட்டுவிட்டார்கள் என்று அமெரிக்கப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை ஆணையம் 2011-இல் கூறியது. நேரில் போவது மட்டும் காப்பாற்றாது என்பதற்கு அது சாட்சி.

கேமராவும் காப்பாற்றாது என்பதற்கு ஜெர்மனியின் வயர்கார்டு நிறுவனம் சாட்சி. 190 கோடி யூரோ பிலிப்பைன்ஸ் நாட்டின் இரண்டு வங்கிகளில் இருப்பதாக அது சொல்லி வந்தது. 2020-இன் தொடக்கத்தில் அந்த வங்கி ஊழியர்கள் என்று சொல்லப்பட்டவர்களோடு தணிக்கையாளர்கள் காணொலியில் பேசியதாகப் பின்னர் செய்திகள் வெளியாயின. அந்த ஜூன் மாதத்தில் இரு வங்கிகளும் தங்களிடம் அப்படிப்பட்ட கணக்கு இல்லை, ஆவணங்கள் போலி என்றன. சில நாட்களில் நிறுவனம் திவாலானது. திரையில் தெரியும் முகம் யாருடையது என்பதற்குத் திரையே சான்றாக முடியாது. நிறுவனம் கொடுத்த எண்ணையும் இணைப்பையும் விட்டுவிட்டு, வங்கியின் அதிகாரபூர்வ முகவரியைத் தானே தேடி எடுத்துத் தொடர்புகொள்வதுதான் முறை.

சரக்கு எண்ணிக்கையில் கேமரா பயன்படும், ஆனால் அதை நகர்த்தும் கட்டளை தணிக்கையாளரிடம் இருக்க வேண்டும். காட்சி இடையில் அறுந்தால் அந்தப் பகுதியை மறுபடி எண்ண வேண்டும். பட்டியலில் உள்ளதைக் கிடங்கில் தேடுவதோடு, கிடங்கில் கண்ணில் பட்டதைப் பட்டியலிலும் தேட வேண்டும். இரண்டு கிடங்குகள் இருந்தால் இரண்டையும் ஒரே நேரத்தில் பார்ப்பது அவசியம். இல்லாவிட்டால் ஒரே சரக்கு இடம் மாறி இருமுறை எண்ணப்படலாம். அடுக்கின் பின்வரிசைப் பெட்டிகள் காலியா என்பதைத் திறந்து காட்டச் சொல்லலாம். துருப்பிடித்த வார்ப்பு எது, ஆண்டுக்கணக்கில் விற்காமல் கிடப்பது எது என்பதைக் கைபேசித் திரையில் மதிப்பிடுவது கடினம். எனவே சரக்கின் மதிப்பு பெரிதாக இருந்து அதன் நிலை சந்தேகத்துக்கு இடமானதாகவும் இருந்தால், ஒருவர் நேரில் போய்த்தான் ஆக வேண்டும்.

போக முடியாமலும், மாற்று வழியில் போதிய சான்று கிடைக்காமலும் போனால், எஸ்.ஏ. 705 தரநிலை வழி சொல்கிறது. தணிக்கை அறிக்கையில் அந்தக் குறையைக் குறிப்பிட்டுக் கருத்தை மாற்றி அமைக்க வேண்டும். பாதிப்பு கணக்குகள் முழுவதிலும் பரவக்கூடியதாக இருந்தால் கருத்தே கூற மறுக்க வேண்டும்.