ஈரானியர் வீட்டில் மூன்றாவது "வேண்டாம்"

தெஹ்ரானில் டாக்சியை விட்டு இறங்கும்போது எவ்வளவு என்று கேட்டால், ஓட்டுநர் பல சமயம் "காபெல் நதாரே" என்பார். உங்களிடம் காசு வாங்கும் அளவுக்கு இது ஒன்றும் பெரிதில்லை என்று பொருள். அதை அப்படியே நம்பி, நன்றி சொல்லிவிட்டு நடக்கத் தொடங்கிய வெளிநாட்டுக்காரர்கள் உண்டு. ஓட்டுநர் பின்னாலேயே கூப்பிடுவார். மளிகைக் கடையிலும் பூக்கடையிலும் இதே வார்த்தைதான். "இல்லையில்லை, தயவுசெய்து சொல்லுங்கள்" என்று நீங்கள் இரண்டாம் முறை கேட்கவேண்டும். தேவைப்பட்டால் மூன்றாம் முறையும். அப்போது தொகை வந்துவிடும். அந்தத் தொகை நியாயமாக இருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை. ஒன்றும் வேண்டாம் என்றவரே கூடுதலாகவும் கேட்பார்!

இந்தப் பழக்கத்துக்குத் தாரோஃப் என்று பெயர். கொடுப்பவர் வற்புறுத்துவார், பெறுபவர் மறுப்பார். இரண்டு மூன்று சுற்று போன பிறகே உண்மையான பதில் வெளியே வரும். அமெரிக்க மானுடவியலாளர் வில்லியம் பீமன், ஈரானியரின் பேச்சுமுறை பற்றி 1986இல் வெளியான தமது நூலில், இதை ஒருவகைப் போட்டியாகப் பார்க்கிறார். யார் மேலே என்பதற்காக அல்ல, யார் கீழே இறங்குவது என்பதற்காக நடக்கும் போட்டி. வாசலில் இருவர் நின்றுகொண்டு "நீங்கள் முதலில்", "இல்லை, நீங்கள்தான்" என்று கதவை அடைத்துக்கொண்டிருப்பதை அங்கே எல்லா அலுவலகங்களிலும் பார்க்கலாம்.

கடையிலும் டாக்சியிலும் சிக்கல் குறைவு. அங்கே காசு கொடுத்தே ஆகவேண்டும் என்பது இரு தரப்புக்கும் தெரியும். வீட்டு அழைப்பில்தான் விருந்தாளி தடுமாறுகிறார். "இருங்கள், சாப்பிட்டுவிட்டுப் போகலாம்" என்று வீட்டுக்காரர் சொல்கிறார். அவர் உண்மையாகவே கூப்பிடுகிறாரா, மரியாதைக்குச் சொல்கிறாரா? சொல்லை வைத்துக் கண்டுபிடிக்க வழியில்லை. இரண்டுக்கும் ஒரே சொற்கள்தான். குரலில் இருக்கும் கனிவும் ஏறக்குறைய ஒன்றேதான்.

ஒரு மாலைநேரத்தை எடுத்துக்கொள்வோம். கூட வேலை பார்ப்பவர் ஒருவரின் வீட்டுக்கு ஆறு மணிக்கு ஒரு புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போகிறீர்கள். கதவைத் திறந்தவர் உடனே "பெஃபர்மாயீத்" என்கிறார். வாருங்கள், உட்காருங்கள், எடுத்துக்கொள்ளுங்கள் எல்லாவற்றுக்கும் இந்த ஒரே சொல்தான். தொந்தரவு செய்யவில்லை, கிளம்புகிறேன் என்கிறீர்கள். இரண்டாம் முறை கூப்பிடுகிறார். இப்போது அவர் எங்கே நிற்கிறார் என்று பாருங்கள். நிலைப்படியிலேயே, ஒரு கை கதவில் இருக்க, முகம் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தால், புத்தகத்தைக் கொடுத்துவிட்டுக் கிளம்புவதே நல்லது. கதவை முழுக்கத் திறந்து, ஒதுங்கி நின்று, உள்ளே மனைவியிடம் யார் வந்திருக்கிறார் என்று சொல்லிவிட்டார் என்றால், மூன்றாம் அழைப்புக்கு மறுப்பு சொல்லாமல் செருப்பைக் கழற்றலாம்.

உள்ளே போனால் கேட்காமலேயே தேநீர் வரும். பிறகு பழத்தட்டு, அதில் வெள்ளரிக்காயும் இருக்கும், அங்கே அதுவும் பழங்களோடு சேர்த்தி. நீங்கள் வேண்டாம் என்றால் வீட்டுக்காரரே உங்கள் தட்டில் எடுத்து வைப்பார். தட்டில் வைத்தபின் அது பேச்சு அல்ல, பண்டம். அதைத் தொடாமல் விடுவதுதான் மரியாதைக் குறைவு.

ஏழரை மணிக்கு எழுந்திருக்கிறீர்கள். "இரவுச் சாப்பாட்டுக்கு இருங்கள்" என்கிறார். இந்த இடத்தில் சமையலறை உதவும். ஈரானியர் விருந்துக்கு வைக்கும் சோறு திடீரென்று ஆகிற காரியம் அல்ல. அரிசியை உப்புநீரில் நெடுநேரம் ஊறவைத்து, அரைவேக்காடாகக் கொதிக்கவைத்து வடித்து, பிறகு மூடியில் துணி சுற்றித் தம் போட்டு, அடியில் மொறுமொறுவென்று தஹ்திக் பிடிக்கும்வரை இளந்தீயில் வைக்கவேண்டும். குழம்புக்கு இன்னும் அதிக நேரம். இரவுச் சாப்பாடு அங்கே ஒன்பது மணிக்கு மேல்தான் என்றாலும், உங்களையும் கணக்கில் சேர்த்திருந்தால் அதற்கான அடையாளம் இந்நேரம் தெரிந்திருக்கும். அரிசி ஊறுகிறது என்று அவரே சொல்வார்; குழம்பின் பெயரைச் சொல்வார்; பிள்ளையை ரொட்டி வாங்க அனுப்பியிருப்பார். "ஏதாவது இருப்பதைச் சாப்பிடலாம்" என்று பொத்தாம்பொதுவாக வந்தால் அது பெரும்பாலும் தாரோஃப். நாள், நேரம், பண்டத்தின் பெயர் எதுவும் இல்லாத அழைப்பு வீட்டுக்காரருக்கு ஒரு செலவும் வைப்பதில்லை.

இப்படிச் செலவில்லாத அழைப்புக்கு ஈரானியரே ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: ஷா அப்துல் அஸீம் தாரோஃப். தெஹ்ரானுக்குத் தெற்கே ரேய் நகரில் அந்தப் பெயரில் ஒரு புனிதத் தலம் உண்டு. 1880களின் கடைசியில் தெஹ்ரானிலிருந்து அங்கே நீராவி ரயில் விட்டார்கள். தரிசனம் முடித்தவர்கள் திரும்பும் ரயிலைப் பிடிக்க ஓடிக்கொண்டிருக்கும்போது, ஊர்க்காரர்கள் "இன்றிரவு நம் வீட்டில் தங்கிப் போங்கள்" என்று கையைப் பிடித்து வற்புறுத்துவார்களாம். எப்படியும் தங்கமாட்டார்கள் என்று தெரியும் அல்லவா! இன்றும் வண்டி கிளம்பும் நேரத்தில், லிஃப்ட் கதவு மூடும்போது வருகிற அழைப்புகளை இந்தக் கணக்கில்தான் சேர்க்கிறார்கள்.

தப்பாகப் புரிந்துகொண்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு நாட்டுக் கதை இருக்கிறது. வழியோரத்தில் ஒருவன் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தான். குதிரையில் போனவனைப் பார்த்து, வழக்கப்படி "பெஃபர்மாயீத்" என்றான். குதிரைக்காரனோ சட்டென்று இறங்கி, "குதிரையைக் கட்டும் முளையை எங்கே அடிக்கட்டும்?" என்று கேட்டான். "என் நாக்கு நுனியில் அடி!" என்றான் ரொட்டிக்காரன். கவனியுங்கள், அவன் நொந்துகொண்டது தன் நாக்கைத்தான். ஒருமுறை சொன்னதையே நீங்கள் ஏற்றுக்கொண்டாலும், ஒரு ஈரானியர் சொன்ன சொல்லை மாற்றுவது அரிது. பல்லைக் கடித்துக்கொண்டு விருந்து வைத்துவிடுவார். ஆகவே தவறு நடந்ததை நீங்கள் அறியவே மாட்டீர்கள். இந்தப் பழக்கத்தில் எனக்குச் சங்கடமாகப் படுவது இதுதான்.

பொருள்களைப் பாராட்டுவதிலும் அதே எச்சரிக்கை வேண்டும். சால்வை அழகாயிருக்கிறது என்றால் "பிஷ்கெஷ்", உங்களுக்கே காணிக்கை, என்பார்கள். உடையவரிடம் இருப்பதுதான் அதற்கு அழகு என்று சொல்லி நகர்ந்துவிடவேண்டும்.

இதற்கெல்லாம் நடுவே நேராகக் கேட்கவும் ஒரு வழி இருக்கிறது. "தாரோஃப் பண்ணுகிறீர்களா?" என்றே கேட்கலாம், "பி தாரோஃப்", அதாவது சம்பிரதாயம் இல்லாமல், உண்மையாகவே என்று பதில் வரும். நெருங்கிப் பழகியவர்களிடம் இது செல்லும். புதியவர்களிடம் அந்தச் சொல்லும் சம்பிரதாயத்தில் ஒரு பகுதியாகிவிடுகிறது. இன்னொரு முறை கொஞ்சம் உறுதியானது. இன்று முடியாது என்று காரணத்தோடு மறுத்துவிட்டு, வேறொரு நாள் வருகிறேன் என்று முடித்துக்கொள்ளுங்கள். மனதார அழைத்தவர் "அப்படியானால் வெள்ளிக்கிழமை மதியம்" என்று உடனே நாளைப் பிடித்துக்கொள்வார். மறுநாள் தொலைபேசியிலும் நினைவூட்டுவார். மற்றவர் "எப்போது வேண்டுமானாலும் வாருங்கள், இது உங்கள் வீடு" என்பார்.

ஈரானியர் ஒருவர் நம் வீட்டுக்கு வந்தால் இதே கணக்கைத் திருப்பிப் போடவேண்டும். காபி வேண்டுமா என்று ஒருமுறை கேட்டு, அவர் வேண்டாம் என்றதும் விட்டுவிட்டால், தொண்டை வறண்டுதான் அவர் திரும்பிப் போவார். கேட்காமல் கொண்டுவந்து வைத்துவிடுங்கள்.