இரண்டு பக்கமும் தீராத கணக்கு

பிளஸ் டூ கணிதம் படித்தவர்களிடம் 2x/(1+x²) என்ற சார்பை −∞ முதல் +∞ வரை தொகையிடச் சொன்னால், பலர் பேனாவை எடுக்காமலே விடை சொல்லிவிடுவார்கள்: பூஜ்யம். ஒற்றைச் சார்பு அல்லவா? வலப்பக்கம் அச்சுக்கு மேலே எவ்வளவு பரப்போ, இடப்பக்கம் அச்சுக்குக் கீழே அதே அளவு. கூட்டினால் ஒன்றையொன்று கழித்துவிடும். நானும் கல்லூரித் தேர்வில் அப்படித்தான் எழுதினேன். விடைத்தாளில் பெரிய சிவப்புச் சுழிதான் வந்தது.

−5 முதல் 5 வரை என்றால் அந்த விடை சரி. எல்லை முடிவிலிக்குப் போகும்போதுதான் சிக்கல். முடிவிலி ஓர் எண் அல்ல, அங்கே போய் நிற்க முடியாது. எல்லைக்கோட்டை நகர்த்திக்கொண்டே போய், பரப்பு ஏதாவது ஓர் எண்ணிடம் வந்து அடங்குகிறதா என்றுதான் பார்க்க முடியும். இப்படிப் பார்க்கப்படுவதற்குத்தான் முறையற்ற தொகையீடு என்று பெயர். இங்கே நகரும் கோடுகள் இரண்டு, இடத்தில் ஒன்று, வலத்தில் ஒன்று. இரண்டும் ஒரே வேகத்தில் போக வேண்டும் என்று கணக்கு எங்கேயும் சொல்லவில்லை.

வலக்கோடு இடக்கோட்டைப் போல இரண்டு மடங்கு தூரம் போகட்டும். 2x/(1+x²)-இன் தொகையீடு ln(1+x²), அதாவது இயல் மடக்கை. −100 முதல் 200 வரை கணக்கிட்டால் ln(40001/10001), ஏறக்குறைய 1.386. கோடுகளை இன்னும் தள்ளிப் போனாலும் விடை அதே இடத்தில், ln 4-இல், நிற்கிறது. 2 மடங்குக்குப் பதில் 3 மடங்கு என்றால் ln 9. வேண்டிய எண்ணைச் சொல்லுங்கள், அதைத் தரும் மடங்கைக் கண்டுபிடித்துத் தருகிறேன். பூஜ்யம் இத்தனை விடைகளில் ஒன்று, அவ்வளவுதான்.

இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான் நடுவில் வெட்டுகிறோம். 0-இல் வெட்டி, வலப்பாதியைத் தனியாகப் பார்ப்போம். 10 வரை பரப்பு 4.6, 100 வரை 9.2, 1000 வரை 13.8. எல்லை பத்து மடங்காகும் ஒவ்வொரு முறையும் 4.6 கூடுகிறது. மெதுவாகத்தான் வளர்கிறது, ஆனால் எங்கேயும் நிற்காது. ஒரு பாதி அடங்கவில்லை என்றாலே முழுத் தொகையீடும் இல்லை. மறுபாதியைப் பார்க்கவே வேண்டாம்.

0-இல்தான் வெட்ட வேண்டுமா என்று கேட்கலாம். 5-இல் வெட்டினாலும் ஒன்றுதான். 0 முதல் 5 வரையுள்ள துண்டு ln 26, சுமார் 3.26. அது வலப்பாதியிலிருந்து இடப்பாதிக்குக் கட்சி மாறும், அவ்வளவுதான். அளவுள்ள ஒரு துண்டு இடம் மாறியதால், அடங்காத பாதி அடங்கிவிடாது.

சமச்சீர் வைத்துக் கழிப்பதே தவறு என்று இதற்கு அர்த்தமில்லை. x·e^(−x²)-ஐ எடுத்தால், வலப்பாதி தனியாகவே 1/2, இடப்பாதி −1/2. இரண்டும் அடங்கியவை என்பதால் கூட்டிப் பூஜ்யம் என்று தாராளமாகச் சொல்லலாம். முதலில் ஒவ்வொரு பாதியும் அடங்க வேண்டும், கழிப்பது அதற்குப் பிறகு. இரண்டு கோடுகளையும் வேண்டுமென்றே ஒரே வேகத்தில் நகர்த்திக் கிடைக்கும் எண்ணுக்குக் கோஷி முதன்மை மதிப்பு என்று தனிப் பெயர் உண்டு. அது பயனுள்ளதுதான், ஆனால் அது தொகையீடு அல்ல.

வெறும் ஏட்டுக் கறாரா இது? ஒரு சுவரிலிருந்து 1 மீட்டர் தள்ளி ஒரு லேசர் விளக்கை வையுங்கள். அதைச் சுழற்றிவிட்டு, சுவரைப் பார்த்து ஏதோ ஒரு கோணத்தில் நிற்கும்போது புள்ளி விழும் இடத்தைக் குறியுங்கள். விளக்குக்கு நேர் எதிரே 0. சுவர் இருபுறமும் முடிவில்லாமல் நீள்கிறது, எல்லாக் கோணமும் சம வாய்ப்புள்ளது என்று வைத்துக்கொள்வோம். பாதிப் புள்ளிகள் 1 மீட்டருக்குள் விழும். இவற்றின் சராசரி என்ன? அதற்கான தொகையீட்டில் வருவது x/(1+x²)-ஐ π-ஆல் வகுத்தது, அதாவது நம் பழைய சார்பேதான். பூஜ்யம் என்று சொல்லத் தோன்றும்.

புள்ளிகளைக் கூட்டிப் பார்த்தால் குட்டு வெளிப்படும். ஏறக்குறைய 1,570 புள்ளிகளில் ஒன்று, 1 கிலோமீட்டருக்கும் அப்பால் விழுகிறது. அந்த ஒரே புள்ளி மொத்தச் சராசரியையும் அரை மீட்டருக்கு மேல் இழுத்துவிடும். இன்னும் நிறையப் புள்ளிகள் எடுத்தால் சரியாகுமா? ஆகாது, இன்னும் தூரத்துப் புள்ளிகள் வந்து சேரும். ஆயிரம் புள்ளிகளின் சராசரி, ஒரே ஒரு புள்ளி எப்படிச் சிதறுமோ அதே அளவு சிதறும். 1824-இலேயே பாய்சான் இந்தப் பரவலைக் கவனித்திருந்தார். 1853-இல் பியெனெமேயுடன் வாதிடும்போது கோஷி இதைக் கையில் எடுத்ததால், பெயர் அவருக்குப் போய்விட்டது.

விளக்கு எங்கே இருக்கிறது என்று அந்தப் புள்ளிகளை வைத்தே கண்டுபிடிக்க வேண்டுமானால், சராசரியை விட்டுவிட்டு, அவற்றை வரிசைப்படுத்தி நடுவில் உள்ளதை எடுக்க வேண்டும். 1 கிலோமீட்டர் தள்ளி விழுந்த புள்ளி அங்கே வரிசையின் கடைசி ஆள், அவ்வளவே.